ட்ரெண்டிங் மீமைக் கடை எடுத்தால் ஏன் சிரிப்பு வருவதில்லை?

பக்கத்து வீட்டுப் பையன் போட்ட ரீல்ஸில் அந்தப் பாட்டு ஜோராக ஓடுகிறது. அதே பாட்டை ஒரு ஜவுளிக்கடை தன் பக்கத்தில் போடப் போனால், தேடும்போதே பாட்டு கிடைப்பதில்லை. எப்படியோ போட்டுவிட்டாலும் சில நாளில் சத்தம் மட்டும் காணாமல் போகிறது. நண்பர்கள் குழுவில் நாள் முழுக்கச் சிரிக்கவைத்த மீமுக்கும் இதே கதிதான். ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் வந்ததும் கீழே ‘இதெல்லாம் தேவையா?’ என்று கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பேசுபவர் மாறிவிட்டார். தனிமனிதர் போட்டால் அது அரட்டை, கடை போட்டால் விளம்பரம். பார்ப்பவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், சட்டமும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. அப்படிப் பேசுபவர் மாறும்போது நகைச்சுவையிலும், கேலி யார் மேல் விழுகிறது என்பதிலும், உரிமையிலும் என்ன மாறுகிறது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

## மீமுக்குள் இருக்கும் விதி

மீம் என்றதும் ஒரு படமோ ஒரு வசனமோதான் நினைவுக்கு வரும். அதைப் பரப்புவது அந்தப் படம் மட்டுமில்லை, அதனுள் இருக்கும் ஒரு விளையாட்டு விதியும்தான். விதி புரிந்தவர்கள் ஆளுக்கொரு வரி சேர்க்கிறார்கள். புரியாதவர்கள் படத்தை மட்டும் எடுத்து ஒட்டுகிறார்கள்.

2019 மே மாதக் கடைசியில் உலக அளவில் ட்ரெண்டான #Pray_for_Neasamani இதற்கு நல்ல உதாரணம். சிவில் இன்ஜினியரிங் தொடர்பான ஒரு ஃபேஸ்புக் பக்கம் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, ‘இதை உங்கள் நாட்டில் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டிருந்தது. தமிழ் இளைஞர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. ஜமீன் மாளிகையில் பெயின்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்றும் சேர்த்துவிட்டார். அது 2001இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த காட்சி. இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் கேட்க, அங்கிருந்து பிடித்துக்கொண்டது.

இந்த மீமின் விதி எளிமையானது: விபத்து நிஜம், நேசமணி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று எல்லோரும் முகம் மாறாமல் நம்ப வேண்டும். நாடே புதிய அரசின் பதவியேற்புச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு சினிமாப் பாத்திரத்தின் உடல்நிலை அறிக்கைக்காகக் காத்திருப்பதாக நடிப்பதுதான் வேடிக்கை.

இந்த விதிக்குள் ஒரு ஹெல்மெட் கடைக்கு இயல்பாகவே இடம் உண்டு. ‘சம்பவம் நடந்தபோது அவர் எங்கள் வாடிக்கையாளர் இல்லை’ என்று விறைப்பாக ஒரு அறிக்கை விட்டால் போதும், விளையாட்டுக்குள் வந்துவிடும். பெயின்ட் கடைக்கும் இடம் உண்டு: ஜமீன் மாளிகை வேலை பாதியில் நிற்பது குறித்து வருத்தம் தெரிவிக்கலாம். ஒரு நகைக்கடை வடிவேலு படத்தை வைத்து ‘நேசமணிக்காகப் பிரார்த்திப்போம், செய்கூலி இல்லாமல் நகை வாங்குவோம்’ என்றால் விதி அங்கேயே உடைந்துவிடுகிறது. பாவனையை நடுவில் நிறுத்திவிட்டு விலைப்பட்டியலை நீட்டுகிறது அது. ‘வலிந்து செய்தது போல இருக்கிறது’ என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான்.

ஆகவே எந்த ட்ரெண்டைத் தொடுவதற்கு முன்பும், அதன் விதியைக் கடையின் பெயரோ பொருளோ வராமல் ஒரே வாக்கியத்தில் எழுதிப்பார்க்க வேண்டும். எழுத வரவில்லையென்றால் ட்ரெண்ட் இன்னும் புரியவில்லை. எழுதிய விதிக்குள் உங்கள் தொழிலுக்கு ஒரு வேடம் தானாகவே கிடைக்கவில்லையென்றால் அந்த ட்ரெண்ட் உங்களுக்கானதில்லை. பத்தில் எட்டு அப்படித்தான் இருக்கும். அவற்றை விட்டுவிடுவதால் எந்த நஷ்டமும் இல்லை.

## ஒரு பட்டுச்சேலைக் கடையை வைத்துப் பார்ப்போம்

ஆடியோவுக்கும் இதே கணக்குதான். ஒரு கற்பனை ஆடியோவை எடுத்துக்கொள்வோம். ஒரு குரல் மிக உறுதியாக ஒன்றைச் சொல்கிறது, உடனே மேளம் அடிக்கிறது, மேளத்தோடு திரையில் அதற்கு நேர்மாறான உண்மை தெரிகிறது. ‘இன்னைக்கு சீக்கிரம் தூங்கிடுவேன்’ என்று ஒருவர் சொல்ல, மேளத்தோடு விடிகாலை மூன்று மணிக்குக் கையில் போனுடன் அவர் முகம். விதி: வாய் சொல்வது ஒன்று, உண்மை வேறு, மாட்டிக்கொள்வது சொன்னவரே.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடை இதை எடுக்கிறது. மூன்று விதமாகச் செய்யலாம்.

1. மேளம் அடித்ததும் ‘ஆடித் தள்ளுபடி ஆரம்பம்’ என்று எழுத்து வருகிறது. இதில் முரணே இல்லை, மாட்டிக்கொள்பவரும் இல்லை. ஆடியோவை எடுத்துவிட்டு எந்தப் பாட்டைப் போட்டாலும் வீடியோ அப்படியேதான் இருக்கும். இது நல்ல சோதனையும்கூட: சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், ஒன்றும் குறையவில்லையென்றால் ஆடியோ அங்கே வெறும் ஒட்டு.

2. ஒரு பெண்மணி ‘சும்மா பாக்கத்தான் வந்தேன்’ என்கிறார். மேளத்தோடு, விரித்துப்போட்ட ஐம்பது சேலைக்கு நடுவே அவர் எதையும் வாங்காமல் எழுந்து போகிறார், விற்பனையாளர் தலையில் கைவைத்துக்கொள்கிறார். விதி சரியாகப் பொருந்துகிறது. விற்பனையாளர் தன் சொந்தக் கணக்கில் இதைப் போட்டால் லட்சம் பேர் சிரிப்பார்கள், ஏனென்றால் காலெல்லாம் வலிக்க நின்ற ஒருவரின் புலம்பல் அது. கடையின் கணக்கில் வந்தால் அர்த்தம் திரும்பிவிடுகிறது. நாளைக்கு விலை கேட்க வரப்போகும் அம்மாவை முதலாளி கேலி செய்கிறார் என்றாகிறது. ஒரு ஃபிரேமும் மாறவில்லை. மாறியது பேசுபவர்தான்.

3. விற்பனையாளர் ‘இதுதான்மா கடைசி பீஸ், நாளைக்கு வந்தா கிடைக்காது’ என்கிறார். மேளத்தோடு பின்னால் இருக்கும் அலமாரி திறக்கிறது, அதே பார்டரில் அடுக்கடுக்காகச் சேலைகள். மாட்டிக்கொள்வது கடை. ஜவுளிக்கடைக்குப் போன ஒவ்வொருவரும் கேட்டுச் சந்தேகப்பட்ட வசனத்தை, கடையே ஒப்புக்கொள்கிறது. சேலையும் காட்டியாகிவிட்டது, விற்க முயன்றது போலவும் இல்லை.

மூன்றாவதில் ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கடை உண்மையிலேயே ‘கடைசி பீஸ்’ தந்திரத்தை நம்பிப் பிழைக்கும் கடையாக இருந்தால், இந்த வீடியோ மறுநாள் கவுண்டரிலேயே வந்து நிற்கும். தன்னைத்தானே கேலி செய்துகொள்வது சின்னக் குறைகளுக்குத்தான் சரிப்படும். பில்லில் ஏமாற்று, துணியில் கலப்படம், திரும்ப எடுக்க மறுப்பது போன்ற உண்மையான புகார் இருக்கும் இடத்தில் கடை ஜோக் அடித்தால் எரிச்சல்தான் வரும்.

பலித்ததா என்பதைக் கருத்துப் பகுதி சொல்லிவிடும். நண்பரை டேக் செய்து ‘நேத்து நமக்கு நடந்தது’ என்று எழுதுகிறார்கள் என்றால் வீடியோ அவர்களுடையதாகிவிட்டது. ‘அட்மினுக்குச் சம்பளம் ஏத்துங்க’ என்ற பாராட்டு மட்டுமே குவிகிறது என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். வேலை செய்தவர் தெரிகிறார், கடை மனதில் நின்றதா என்பது தெரியவில்லை.

## கேலி யார் மேல் விழுகிறது

வலிந்து செய்ததால் வரும் நஷ்டம் அலட்சியம். மனம் புண்படுத்தினால் வரும் நஷ்டம் பெரிது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு: மீம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காதது ஒன்று, பார்த்தும் அதிலுள்ள ஆளைக் கவனிக்காதது மற்றொன்று.

முதல் வழிக்கு 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் தன் வருங்கால மனைவியை லிஃப்டில் அடித்த வீடியோ வெளியானது. அதைத் தொடர்ந்து, அடி வாங்கிய உறவிலேயே ஏன் தங்கினோம் என்பதைப் பெண்கள் #WhyIStayed என்ற ஹேஷ்டேக்கில் எழுதத் தொடங்கினார்கள். டிஜியோர்னோ என்ற பீட்சா நிறுவனம் அதே ஹேஷ்டேக்கில் ‘உன்னிடம் பீட்சா இருந்தது’ என்று ட்வீட் போட்டது. ட்ரெண்டாகிறது என்பதைப் பார்த்தார்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் கீழே தள்ளிப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டாவது வழி இதைவிடச் சிக்கலானது, நமக்கு இன்னும் நெருக்கமானது. 2023 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு சொமேட்டோ ஒரு விளம்பரம் வெளியிட்டது. ‘லகான்’ படத்தில் கச்ரா என்ற பாத்திரத்தில் நடித்த அதே நடிகரை, குப்பையிலிருந்து மறுசுழற்சி செய்த விளக்காகவும் மேசையாகவும் காட்டியது. இந்தியில் அந்தப் பெயருக்குக் குப்பை என்று பொருள் என்பதுதான் சிலேடை. எழுதியவர்களுக்குப் படம் தெரியாமல் இல்லை. ஆனால் கச்ரா, ஊரே தீண்ட மறுத்த ஒரு தலித் பாத்திரம். படத்தில் அந்தப் பெயர் வேடிக்கைக்காக வைக்கப்பட்டதில்லை, ஒரு மனிதரை ஊர் எப்படி அழைத்தது என்பதன் அடையாளம் அது. விளம்பரம் அவரை மற்றவர்கள் பயன்படுத்தும் பொருளாக ஆக்கியது. சாதி இழிவு என்று கண்டனம் எழுந்தது, சில நாட்களிலேயே விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது, தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது.

தமிழ் மீம்களின் பெரும் பகுதி பழைய நகைச்சுவைக் காட்சிகளிலிருந்து வருவதால் இந்த ஆபத்து இங்கே அதிகம். நிறம், உடல் பருமன், திக்குவாய், திருநங்கைகள், மனைவியை அடிப்பது, ஒரு சாதியின் தொழில் என்று பல காட்சிகளில் சிரிப்பே அதில்தான் இருக்கும். மூன்று வினாடித் துண்டாக வெட்டியபின் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நண்பர்களுக்குள் யாரும் கேட்கவும் மாட்டார்கள். நிறுவனம் போட்டதும், முழுக் காட்சியும் நினைவிருக்கும் ஒருவர் கருத்துப் பகுதியில் அதை எடுத்து வைத்துவிடுவார்.

எனவே போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை:

1. ரீல்ஸில் ஆடியோவின் பெயரைத் தொட்டால் அதைப் பயன்படுத்திய வீடியோக்கள் வரிசையாக வரும். முதலில் இருக்கும் ஐந்தாறை மட்டும் பார்த்து நிறுத்தாமல், இருபது முப்பதைப் பாருங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அதற்குள் தெளிந்துவிடும்.

2. துண்டாக இல்லாமல் மூலக் காட்சியை முழுதாகப் பாருங்கள். வசனத்துக்கு முந்தைய ஒரு நிமிடமும் பிந்தைய ஒரு நிமிடமும் முக்கியம்.

3. மூலம் சினிமா இல்லை, ஒரு சாதாரண மனிதரின் வீடியோ என்றால், அவர் அதில் சிரிக்கவைக்க நினைத்தாரா அல்லது சிக்கிக்கொண்டாரா என்று பாருங்கள். பேட்டியில் தடுமாறிய மாணவி, போதையில் பேசிய கூலித் தொழிலாளி, அழுதுகொண்டிருந்த குழந்தை இவர்கள் யாருமே தங்களை மீமாக்கிக்கொள்ளவில்லை. கடை அவர்களைத் தொடக்கூடாது.

4. அலுவலகத்தில் உங்களைப் போலவே வளர்ந்தவரிடம் காட்டி ‘ஓகேவா?’ என்று கேட்பதில் பயன் இல்லை. மீமில் இருப்பவர் இடத்திலிருந்து பார்க்கக்கூடிய ஒருவரிடம் காட்ட வேண்டும்.

இவற்றோடு நேரமும் சேரும். முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த பதிவுகள், ஒரு விபத்துச் செய்தி வந்த மாலையில் தாமாகவே வெளியாகி நிற்கும். அவற்றை நிறுத்தும் பொறுப்பு யாருடையது, அவர் போனில் கடவுச்சொல் இருக்கிறதா என்பதை முன்பே முடிவு செய்துவைத்திருக்க வேண்டும்.

## பாட்டு யாருடையது, முகம் யாருடையது

அதிகம் குழப்பும் பகுதி இது. இன்ஸ்டாகிராம் திரையிலேயே பாட்டு இருக்கிறதே, அப்புறம் என்ன தடை?

அந்தப் பாட்டுகளுக்கு மெட்டா நிறுவனம் இசை நிறுவனங்களிடம் வாங்கியிருக்கும் அனுமதி, மக்கள் தங்கள் சொந்தப் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்துவதற்கானது. வணிகப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று மெட்டாவின் இசை விதிகளே சொல்கின்றன. அதனால்தான் பிசினஸ் கணக்குகளுக்குப் பாட்டுப் பட்டியல் சுருங்கித் தெரிகிறது. சிலர் கணக்கைக் கிரியேட்டர் வகைக்கு மாற்றிப் பாட்டை எடுத்துவிடுகிறார்கள். பொத்தான் கிடைக்கும், உரிமை கிடைக்காது. பேசுவது கடைதான் என்பதை யாரும் பார்த்ததும் சொல்லிவிடலாம்.

‘ஒரிஜினல் ஆடியோ’ என்று காட்டுவதையும் நம்ப வேண்டாம். யாரோ ஒருவர் சினிமாப் பாட்டோடு வீடியோ ஏற்றியிருந்தாலும் அவர் பெயரில் ஒரிஜினல் ஆடியோ என்றே வரக்கூடும். ஏற்றியவர் யார் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது, உரிமையாளர் யார் என்பதை அது சொல்வதில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பேங் என்ற எனர்ஜி டிரிங்க் நிறுவனம் டிக்டாக் வீடியோக்களில் அனுமதியின்றிப் பாட்டுகளைப் பயன்படுத்தியதற்காக யுனிவர்சல், சோனி ஆகிய இசை நிறுவனங்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. டிக்டாக்கே தந்த பாட்டுகள்தானே என்ற வாதம் எடுபடவில்லை. நிறுவனம் தானே வெளியிட்ட வீடியோக்களுக்கு அதுவே பொறுப்பு என்று 2022இல் தீர்ப்பானது. 2024 மே மாதம் மேரியட் ஹோட்டல் குழுமத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில் 931 மீறல்கள் பட்டியலிடப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில் சில விலக்குகளைத் தருகிறது: சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவை. கடை விளம்பரம் அந்தப் பட்டியலில் இல்லை. பத்து வினாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்று ஊருக்குள் உலவும் விதி சட்டத்தில் எங்கும் கிடையாது. பாட்டைச் சொந்தக் குரலில் பாடிவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் பாதி உண்மைதான். ஒரு பாட்டில் ஒலிப்பதிவின் உரிமை ஒன்று, மெட்டும் வரிகளும் சார்ந்த உரிமை வேறு. நீங்கள் பாடினால் முதலாவது விலகும், இரண்டாவது அப்படியே நிற்கும். தன் பாட்டுகள் புதிய படங்களில் வந்ததற்கு இளையராஜா அனுப்பிய நோட்டீஸ்களைச் செய்திகளில் பார்த்த நமக்கு இது புதிதாக இருக்கக்கூடாது.

படத்துக்கும் உரிமையாளர் உண்டு. கடற்கரையில் கையை இறுக மூடிக்கொண்டு நிற்கும் குழந்தையின் ‘சக்சஸ் கிட்’ மீமைப் பார்க்காதவர் குறைவு. 2007இல் அந்தப் படத்தை எடுத்தவர் குழந்தையின் தாய். கோகோ கோலா போன்ற நிறுவனங்கள் அவரிடம் அனுமதி பெற்றே அதைப் பயன்படுத்தின. 2020இல் ஓர் அமெரிக்க அரசியல்வாதியின் பிரசாரக் குழு கேட்காமல் நன்கொடைப் பதிவில் போட்டது. தாய் வழக்குப் போட்டார், 2022இல் நீதிமன்ற ஜூரி 750 டாலர் விதித்தது, 2024இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. தொகை சிறியது. ஆனால் மீமானதால் ஒரு படம் பொதுச்சொத்தாகிவிடாது என்பது அதில் உறுதியானது.

மூன்றாவது, முகம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றபோது பல நிறுவனங்கள் அவர் படத்தோடு தங்கள் முத்திரையையும் சேர்த்து வாழ்த்துப் போட்டன. அவரது மேலாண்மை நிறுவனம் அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. வாழ்த்து என்ற பெயரில் இருந்தாலும், ஒப்பந்தமின்றி அவர் முகம் விளம்பரமானது என்பதே புகார். சென்னை உயர் நீதிமன்றமும் 2015இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் உருவத்தையும் பேச்சுப் பாணியையும் ஒரு படம் பயன்படுத்தக்கூடாது என்றது. ஒருவரை அடையாளம் காண முடிந்தாலே போதும், பார்ப்பவர் ஏமாந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பது அந்த உத்தரவின் சாரம். நடிகர் முகத்தை வெட்டி ஒட்டும் கடை மீம்கள் அத்தனையும் இந்த வளையத்துக்குள் வரக்கூடும்.

அப்படியானால் என்ன மிச்சம்? மீமின் விதி மிச்சம். பதிப்புரிமை ஒரு கருத்தைப் பாதுகாப்பதில்லை, அது வெளிப்பட்ட வடிவத்தைத்தான் பாதுகாக்கிறது. உறுதியாகச் சொல், மேளத்தோடு மாட்டிக்கொள் என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் பட்டுச்சேலைக் கடை, விற்பனையாளரின் சொந்தக் குரலில் வசனம் பேசி, ஊர் மேளக்காரர் ஒருவருக்குப் பணம் கொடுத்து நான்கு அடி அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தால் போதும். ட்ரெண்டிங் ஆடியோ பக்கத்தில் அந்த வீடியோ வராது, அந்த வழியாக வரும் பார்வைகள் குறையும் என்பது உண்மை. ஆனால் பாட்டு நீக்கப்படும் பயமின்றி அதைப் பணம் கட்டி விளம்பரமாகவும் ஓட்டலாம். இன்ஸ்டாகிராம் பட்டியலிலிருந்து எடுத்த சினிமாப் பாட்டுள்ள ரீலுக்கு அந்த வசதியே பெரும்பாலும் கிடைப்பதில்லை.

## தப்பாகிவிட்டால்

எல்லாம் பார்த்தும் ஒன்று தவறிப்போகலாம். ஒரே ஒருவர் வந்து ‘இந்தக் காட்சி எதைப் பற்றியது தெரியுமா?’ என்று கேட்கும்போதே நின்று பார்க்க வேண்டும். அவருக்குப் பதிலாகச் சிரிக்கும் எமோஜி போடுவதும், கருத்துப் பகுதியைப் பூட்டுவதும்தான் சின்ன விஷயத்தை ஸ்கிரீன்ஷாட் ஆக்கி ஊர் சுற்றவிடும் இரண்டு வேலைகள்.

பீட்சா நிறுவனம் சில நிமிடங்களில் ட்வீட்டை நீக்கியது. அந்த ஹேஷ்டேக் எதைப் பற்றியது என்று படிக்காமல் போட்டுவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னது. கோபப்பட்டவர்கள் பலருக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மன்னிப்புக் கேட்டது. சொமேட்டோவோ, பிளாஸ்டிக் கழிவு பற்றிய விழிப்புணர்வே நோக்கம், தெரியாமல் சிலர் மனம் புண்பட்டிருக்கலாம் என்ற வகையில் விளக்கம் தந்தது. முதல் மன்னிப்பில் என்ன தவறு செய்தோம் என்பது இருக்கிறது. இரண்டாவதில் நோக்கம் நல்லது என்பது இருக்கிறது, விளக்காகவும் மேசையாகவும் ஆக்கப்பட்ட அந்த மனிதர் இல்லை.